கொங்கின் சமண, பௌத்தத் தமிழ்: ஒரே ஓட்டமா, பல தொடக்கங்களா?

பெருந்துறைச் சேரன்

நண்பர்களே, எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. "கொங்கு நாடும் சமண பௌத்தத் தமிழும்" என்ற கட்டுரை என் தலையில் விழுந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி. கட்டுரையின் அச்சாணியே முதல் பத்திதான்:

"புகலூர் ஆறுநாட்டார் மலையின் கற்படுக்கைகளில் உறைந்த சமண முனிவர்கள் தொடங்கிவைத்த தமிழ்ப்பணி, அறச்சலூர் இசைக் கல்வெட்டு, விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதை, சீனாபுரத்துப் பவணந்தியாரின் நன்னூல் என ஆயிரம் ஆண்டுகள் அறுபடாமல் ஓடியது. சமணரும் பௌத்தரும் கைகோத்து வளர்த்த இந்த ஒரே மரபுதான் ஐம்பெருங்காப்பியங்களையும் நமக்குத் தந்தது."

விட்டுப்போன பெயர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

கல்தேடி

அருமை அண்ணா. பழனிக்குப் பக்கத்து ஐவர் மலையைச் சேருங்கள். அங்கே பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்ததாகப் பாண்டியன் வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் சக ஆண்டு 792 என்று தெளிவாகவே பொறித்திருக்கிறார்கள், அதாவது கி.பி. 870. கொங்குவேளிருக்கும் பவணந்தியாருக்கும் நடுவில் உள்ள இடைவெளி அடைபட்டுவிடும்.

இன்னொன்று. மணிமேகலை வஞ்சிக்குப் போய்ச் சமயக் கணக்கர்களிடம் கேள்வி கேட்கிறாள் அல்லவா? வஞ்சி என்பது நம் கரூர். ஆகவே பௌத்தக் காப்பியமும் கொங்குக் கணக்கில்தான் வரும்.

நொய்யல் வாசகி

சேரன், பெயர் எதுவும் விட்டுப்போகவில்லை. பெயர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறுதான் எனக்கு இடிக்கிறது. "தொடங்கிவைத்த", "அறுபடாமல்", "கைகோத்து", "ஒரே மரபு" ஆகிய நான்கு சொற்களுக்கும் ஆதாரம் என்ன என்று நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முதலில் புகலூர். அந்தக் கல்லில் இருப்பது இவ்வளவுதான்: யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவி உறைவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டிக்கொடுத்த கல். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறைச் சேரர்கள் ஒரே வரியில் நிற்பதால்தான் அந்தக் கல்வெட்டுக்கு அத்தனை மதிப்பு. அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் கொடையும் இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டு.

அந்தத் துறவி ஒரு பாட்டு எழுதினார் என்றோ ஒருவருக்குத் தமிழ் கற்பித்தார் என்றோ எதுவும் இல்லை. அவருக்குப் படுக்கை கிடைத்தது என்பதுதான் செய்தி. அதே அரச மரபைப் பாடிய தமிழ் எங்கே இருக்கிறது என்றால், பதிற்றுப்பத்தில். கல்லில் வரும் ஆதன் செல்லிரும்பொறையும் ஏழாம் பத்தின் தலைவன் செல்வக் கடுங்கோ வாழியாதனும் ஒருவரே என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அந்தப் பத்தைப் பாடியவர் கபிலர், அந்தணர். அதன் பதிகம் அரசன் மாயவண்ணனை மனத்தில் கொண்டு ஓகந்தூரைக் கொடுத்தான் என்கிறது. தாத்தா திருமாலுக்கு ஊர் கொடுக்கிறார், பேரன் பட்டம் பெறும்போது சமண முனிவருக்குக் குகை வெட்டப்படுகிறது. பல சமயத்தாருக்கும் கொடுத்த அரச குடும்பம் அது. அந்தக் கொடையிலிருந்து ஓர் இலக்கிய மரபு கிளம்பியது என்று சொல்ல அந்தக் கல்லில் இடமே இல்லை.

அறச்சலூர் இன்னும் சிக்கல். "த தை தா தை த" என்று வரிக்கு ஐந்து அசை, ஐந்து வரி. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒத்துவரும்படி அமைத்திருக்கிறார்கள். எழுத்துகளை அப்படிச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்தில் பெயரும் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னும் மணியும் பார்த்து மதிப்பிடுகிறவன். கூத்துக்கான தாளச் சொற்கட்டு அது. குகையில் கற்படுக்கை இருப்பதால் சமணர் தங்கியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஆனால் எழுதியவன் சமணன் என்று கல் சொல்லவில்லை. இசையையும் கூத்தையும் விலக்கச் சொன்ன துறவிகளின் இருப்பிடத்தில் நாட்டியச் சொற்கட்டு எப்படி வந்தது என்ற கேள்விக்கே இன்னும் நல்ல பதில் இல்லை.

இதற்குப் பிறகு நீங்கள் ஒரே தாவலில் பெருங்கதைக்குப் போய்விடுகிறீர்கள். நடுவில் சில நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

பெருந்துறைச் சேரன்

அக்கா, ஆதாரம் கிடைக்கவில்லை என்பதாலேயே மரபு இல்லை என்று ஆகிவிடுமா? ஓலை அழிந்திருக்கும். செல் அரித்தது போக மிஞ்சியதுதானே நம் கையில் இருக்கிறது?

குறள்நேசன்

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். திருக்குறளே சமண நூல்தான். "மலர்மிசை ஏகினான்" யார்? அருகன். தொல்காப்பியரும் சமணர். 470இல் வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார், அதுதான் நாம் சொல்லும் தமிழ்ச் சங்கம். நாலடியாரும் பதினெண்கீழ்க்கணக்கும் அங்கே உருவானவை. அங்கிருந்து கொங்குக்கு வந்தது. இதில் என்ன அறுந்தது?

நொய்யல் வாசகி

வச்சிரநந்தியின் கதை இணையத்தில் பத்து இடத்தில் சுற்றுகிறது. அதன் மூலம் எது என்று பாருங்கள். தேவசேனர் என்ற திகம்பர ஆசிரியர் பத்தாம் நூற்றாண்டில் பிராகிருதத்தில் எழுதிய தரிசனசாரம். விக்கிரம ஆண்டு 526இல் தென்மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கத்தைத் தொடங்கினார் என்று அது சொல்வது உண்மை. ஆனால் தேவசேனர் அதைப் பாராட்டிச் சொல்லவில்லை. நெறி தவறிப் பிரிந்த கூட்டங்களின் பட்டியலில் ஒன்றாக, துறவிகள் எதை உண்ணலாம், எதைச் செய்யலாம் என்ற ஒழுக்கச் சண்டையைச் சொல்கிறார். அங்கே சங்கம் என்றால் துறவிகள் அமைப்பு. தமிழ் நூல் ஒன்றின் பெயர்கூட அதில் வராது. நாலடியார் சமணப் பாடல்களின் தொகுப்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது வச்சிரநந்தியின் சங்கத்தில் எழுந்தது என்பதுதான் நாம் பிறகு ஒட்டவைத்த பகுதி.

குறளை இங்கே இழுக்க வேண்டாம், இழை முந்நூறு பதிலுக்குப் போய்விடும்.

சேரன், ஓலை அழிந்திருக்கும் என்பது சரிதான். அப்படியானால் "இருந்திருக்கலாம்" என்று எழுதுங்கள். "அறுபடாமல் ஓடியது" என்று எழுத வேண்டுமானால் இருந்ததைக் காட்ட வேண்டும்.

சேலத்து முதியவன்

தம்பி சேரன், பௌத்தம் என்று வந்தபோது எனக்கு எங்கள் பெரியேரி ஞாபகம் வந்தது. தலைவெட்டி முனியப்பன் என்று நாங்கள் சிறுவயதில் கிடா வெட்டிக் கும்பிட்ட சாமி. அது புத்தர் சிலை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரிலும் பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டில் என் மருமகள் இன்னும் முனியப்பன் என்றுதான் சொல்கிறாள். நான் கேட்க வந்தது இதுதான்: இனிமேல் பொங்கல் வைத்துக் கும்பிடலாமா, கூடாதா?

கல்தேடி

ஐயா, இங்கே இலக்கியம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நொய்யல் வாசகி

அவரை விரட்டாதீர்கள், அவர் சொன்னது நமக்குத் தேவைப்படுகிறது. (ஐயா, கும்பிடுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மருமகளையே கேளுங்கள்.)

பெரியேரியிலும் தியாகனூரிலும் பௌத்தர்கள் இருந்ததற்குக் கல்லே சாட்சி. ஆனால் கொங்கில் ஒரு பௌத்தர் எழுதிய தமிழ் நூல் என்று நிச்சயமாகக் காட்ட ஒன்றுமே இல்லை. சமணத்துக்கு விசயமங்கலம், திங்களூர், வெள்ளோடு, பூந்துறை, சீனாபுரம் என்று கோயில் வரிசையே இருக்கிறது. நூல்களும் அதை ஒட்டியே வருகின்றன. பௌத்தத்துக்கு இங்கே சிலை இருக்கிறது, நூல் இல்லை. இரண்டையும் "சமண பௌத்த" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

கல்தேடி சொன்ன வஞ்சியைப் பார்ப்போம். வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற வழக்கு நம் காலத்தில் தீராது. புகலூர்க் கல்லில் கருவூர் என்ற பெயரும் சேரர் பெயர்களும் வருவதால் கரூர்க் கட்சிக்குப் பலம் கூடியது, அவ்வளவுதான். சரி, கரூர் என்றே வைத்துக்கொள்வோம். காப்பியத்தில் கதைத்தலைவி ஓர் ஊருக்குப் போவதால் அந்தக் காப்பியம் அந்த ஊரில் எழுதப்பட்டதாகிவிடுமா? அந்தக் கணக்கில் மணிமேகலையைப் புகாரும் காஞ்சியும்கூடக் கேட்கும்.

அதைவிட, வஞ்சியில் என்ன நடக்கிறது என்று படித்துப் பாருங்கள். அங்கே நிகண்டவாதி, அதாவது சமணன், தன் கொள்கையைச் சொல்கிறான். ஆசீவகனும் சொல்கிறான். மணிமேகலை எல்லாவற்றையும் கேட்டு எதையும் ஏற்காமல் கிளம்புகிறாள். அதே நூலில் முன்னால் ஒரு காட்சி வருகிறது. புகாரின் தெருவில் ஆடையில்லாமல் வரும் சமணத் துறவியைக் குடிகாரன் ஒருவன் வழிமறித்து, தென்னையிலிருந்து வந்த கள்ளில் கொலைப்பாவம் ஏது, குடித்துப் பார் என்று வம்புக்கு இழுக்கிறான். இன்னோர் இடத்தில் சுதமதியின் தந்தையை மாடு முட்டிக் குடல் சரிந்துவிடுகிறது. அடைக்கலம் கேட்டுச் சமணப் பள்ளிக்குப் போனால் அங்கே விரட்டிவிடுகிறார்கள். தன் பாத்திரத்தைச் சுதமதியிடம் கொடுத்துவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறவர் சங்கதருமன் என்னும் பௌத்தத் துறவி. சாத்தனார் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறார் என்பதில் ஐயமே வேண்டாம்.

சமணர் சும்மா இருந்தார்களா? நீலகேசியில் பத்துச் சருக்கங்கள். அவற்றில் குண்டலகேசி வாதம், அர்க்க சந்திர வாதம், மொக்கல வாதம், புத்த வாதம் ஆகிய நான்கும் பௌத்தரை மறுப்பதற்கென்றே எழுதியவை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்குப் பதிலடியாகப் பிறந்த நூல் அது. கைகோத்து வளர்த்தார்கள் என்கிறீர்கள். ஒருவர் கையை ஒருவர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருந்துறைச் சேரன்

முறுக்கிக்கொண்டாலும் ஒரே களத்தில்தானே நின்றார்கள்? சண்டை போடுவதற்கும் பொதுவான மொழி வேண்டும். அதை மரபு என்று சொன்னால் என்ன தவறு? அத்துடன் ஐம்பெருங்காப்பியம் என்று இரண்டையும் சேர்த்து நம் முன்னோர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு)

இந்தப் பட்டியல் விஷயத்தில் நான் நுழையலாமா? முப்பது ஆண்டு வகுப்பறையில் "ஐம்பெருங்காப்பியங்கள் யாவை" என்று கேட்டு மதிப்பெண் போட்டவன் என்ற உரிமையில்.

ஐம்பெருங்காப்பியம் என்ற தொடர் நன்னூலுக்கு மயிலைநாதர் எழுதிய உரையில்தான் முதலில் தென்படுகிறது. அதுவும் சும்மா தொடராக மட்டும். எந்த ஐந்து என்று அவர் சொல்லவில்லை. சிந்தாமணி, சிலம்பு, மேகலை, வளையாபதி, குண்டலகேசி என்று ஐந்தையும் பெயர் சொல்லி அடுக்குவது மிகப் பிந்திய காலத்தில்தான். அதற்குள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாகப் படிக்கக் கிடைக்காத நூல்களாகிவிட்டன என்பதையும் பார்க்க வேண்டும். எழுதியவர்கள் தங்களை ஐவர் அணியில் ஒருவராக நினைத்துக்கொண்டு எழுதவில்லை. படிக்கிறவர்கள் பிறகு போட்ட வரிசை அது.

நன்னூல் பற்றிக் கூடுதலாக ஒன்று. சேரன் தம்பி "சீனாபுரத்துப் பவணந்தியார்" என்று அடித்துச் சொல்கிறார். சிறப்புப் பாயிரத்தில் இருப்பது "பொன்மதிற் சனகை". அந்தச் சனகை நம் சீனாபுரம்தான் என்பது கொங்கு வழக்கு, நானும் அப்படித்தான் நம்புகிறேன். மைசூர்ப் பக்கம் தேடுகிறவர்களும் உண்டு. ஏனென்றால், நூல் செய்யச் சொன்ன சீயகங்கன் கோலாரோடு உறவுடைய கங்கர் குடியினன், மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218) காலத்துச் சிற்றரசன். ஆகவே நன்னூலுக்குப் பின்னால் நிற்பது சோழர் கீழிருந்த கங்கர் அவை. புகலூர்ச் சேரனுக்கும் அவனுக்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி, குடியும் வேறு.

நொய்யல் வாசகி

ஐயா சொன்னதையே பெருங்கதைக்கும் கேட்க வேண்டும்: அது எங்கிருந்து வந்தது?

புகலூரிலிருந்து வரவில்லை. குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதைதான் வேர். மூலம் இன்று இல்லை. கங்க மன்னன் துர்விநீதன் அதை வடமொழியில் ஆக்கினான் என்று கும்மரெட்டிபுரச் செப்பேடு சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் கொங்குவேளிர் தமிழ் செய்தார் என்பது ஒரு கருத்து. துர்விநீதன் நூலும் கிடைக்காததால் ஒப்பிட்டு உறுதி செய்ய வழியில்லை. எப்படியானாலும் உதயணனும் வாசவதத்தையும் யூகியும் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த கதை மாந்தர்கள்.

விசயமங்கலம் மேற்கைப் பார்த்து நின்ற ஊர் என்பதற்கு அந்தக் கோயிலிலேயே சான்று இருக்கிறது. சிரவணபெளகொளாவில் கோமதேசுவரரை எழுப்பிய சாமுண்டராயனின் தங்கை புள்ளப்பை இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததற்கு நிசிதிகைக் கல் நிற்கிறது. கன்னட நாட்டுச் சமணத்தோடு கொங்கு கொண்ட உறவை விட்டுவிட்டுப் பெருங்கதையைப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். உங்கள் பத்தியில் அந்தத் திசையே இல்லை. எல்லாம் நம் மண்ணிலேயே முளைத்து நம் மண்ணிலேயே வளர்ந்ததாக இருக்கிறது.

நூலின் நிலையையும் பாருங்கள். 1924இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது உஞ்சைக் காண்டம் 32ஆம் பகுதியிலிருந்துதான் தொடங்கியது. முன்னால் இருந்த 31 பகுதிகள் போயின. காப்புச் செய்யுள் இல்லை, பாயிரம் இல்லை. கடைசியில் துறவு பற்றிய காண்டமும் இல்லை. சமணக் காப்பியத்துக்கு உயிர் எங்கே இருக்கும்? முதலில் அருகனை வாழ்த்தும் இடத்தில், கடைசியில் தலைவன் துறக்கும் இடத்தில். அந்த இரண்டும்தான் இல்லை. ஆசிரியர் காலம் 6ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை ஆளுக்கொரு பக்கம் இழுபடுவதற்கும் பாயிரம் போனது ஒரு காரணம்.

கல்தேடி

ஆனால் உதயணகுமார காவியம் இருக்கிறதே? அதில் துறவு வரை கதை முழுதும் வருகிறது. அதை வைத்து நிரப்பிக்கொள்ளலாமே.

நொய்யல் வாசகி

கதையைத் தெரிந்துகொள்ள உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நானூறு பாட்டுக்கும் குறைவான சின்ன விருத்த நூல், பின்னால் வந்தது. கொங்குவேளிர் துறவை எப்படி எழுதினார் என்பதை அது சொல்லாது.

பெருந்துறைச் சேரன்

அப்படியானால் இவை எல்லாம் ஒரே மரபு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நான் கனவு கண்டு எழுதவில்லை. சிறுவயதிலிருந்து எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்லக் கேட்டது இது.

தமிழாசிரியர் (ஓய்வு)

இதுதான் நல்ல கேள்வி. விடை உங்கள் ஊருக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. கொங்குமண்டல சதகம். கார்மேகக் கவிஞர் பாடியது. அவர் விசயமங்கலத்துக்காரர், சமணர். திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார் அதைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார்.

சதகம் என்றால் நூறு பாட்டு. ஒவ்வொரு பாட்டும் கொங்கு மண்டலத்தின் ஒரு பெருமையைச் சொல்லி முடியும். பவணந்திக்கு ஒரு பாட்டு, அடியார்க்குநல்லாருக்கு ஒன்று, கொங்குவேளிருக்கு ஒன்று. கொங்குவேளிர் பாட்டில் உள்ள கதை சுவையானது. பெருங்கதையில் குற்றம் கண்ட சங்கப் புலவர்களுக்குத் தம் வீட்டு அடிமைப் பெண்ணைக் கொண்டே விடை சொல்ல வைத்தாராம். சங்கப் புலவரும் கொங்குவேளிரும் ஒரே காலத்தில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள் பாருங்கள். பெருங்கதையைப் பற்றி அது வரலாறு ஆகாது. ஆனால் பல நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த ஒரு கொங்குச் சமணர் தம் ஊரின் பழம்பெருமையை எப்படிக் கோத்துக்கொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை. தம்பியின் முதல் பத்தி அந்தச் சதகத்தின் பேரப்பிள்ளை.

நொய்யல் வாசகி

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. சேரன், மலருக்கு இதுவே கட்டுரை.

குறள்நேசன்

சைவர்கள் அனல்வாதம் புனல்வாதம் என்று சொல்லி ஏடுகளைக் கொளுத்தினார்கள், ஆற்றில் விட்டார்கள். அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? மரபு தானாக அறவில்லை, அறுக்கப்பட்டது.

தமிழாசிரியர் (ஓய்வு)

தேவாரத்தில் சமணர் மீதும் பௌத்தர் மீதும் உள்ள கடுமையை யாரும் மறைக்க முடியாது. சம்பந்தர் பதிகந்தோறும் பத்தாம் பாட்டை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் ஏடு எரித்த கணக்கை வைத்து நன்னூலின் கதையைச் சொல்ல முடியாது, ஐயா. நடந்தது அதைவிட வேடிக்கையானது.

திருவாவடுதுறை மடத்துச் சுவாமிநாத தேசிகர் இலக்கணக் கொத்தில் ஒரு பொரிந்து பொரிகிறார். திருக்கோவையாரைச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, சங்கப் பாட்டு, கொங்குவேள் மாக்கதை ஆகியவற்றோடு ஒன்றாக வைத்துப் பேசுகிறார்களே என்று சினம். நன்னூல் முதலிய இலக்கணங்களையும் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலியவற்றையும் பொருட்டாக எண்ணி வாழ்நாளை வீணாள் ஆக்குகிறார்களே என்று வருத்தம். கவனியுங்கள், அவருக்குச் சங்கப் பாட்டும் வேண்டாம், இராமன் கதையும் வேண்டாம். சமண நூலை மட்டும் பொறுக்கித் தள்ளவில்லை. சிவனைப் பாடாத எல்லாவற்றையும் தள்ளுகிறார். அத்துடன் கொங்குவேள் மாக்கதை என்ற பெயர் அவர் காலத்துப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கும் அவரே சாட்சி.

அவரிடம் படித்த சங்கர நமச்சிவாயர் என்ன செய்தார்? அந்த நன்னூலுக்கே விரிவான உரை எழுதினார். அதே மடத்துச் சிவஞான முனிவர் பிறகு அந்த உரையைத் திருத்தினார். அந்த உரைதான் மடங்களிலும் திண்ணைகளிலும் பாடமாகி நாம் படித்தது. சமணரான மயிலைநாதர் எழுதிய உரையோ 1918 வரை அச்சேறவே இல்லை. "பூமலி அசோகின் புனைநிழல் அமர்ந்த நான்முகன்" என்று எழுத்ததிகாரம் தொடங்கும். அசோக மர நிழலில் அமர்ந்தவன் அருகன். அதை மனப்பாடம் செய்த நாங்கள் யாரும் அருகனை நினைக்கவில்லை. நூல் ஒரு நாளும் அறவில்லை. படித்தவர்கள் அடியோடு மாறிவிட்டார்கள்.

நொய்யல் வாசகி

இதோடு சிந்தாமணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் (நம் பக்கத்து ஆள்) சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீளமாக ஒப்பிக்கிறார். முதலியார் அசையவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்குச் சிந்தாமணி தெரியாது. மடத்துக் கல்வியில் அதற்கு இடமில்லை.

ஆனால் அதே கும்பகோணத்தில் சில தெரு தள்ளிச் சமணர் வீடுகளில் அதை முறையாகப் படித்து, முடித்த நாளைத் தோரணம் கட்டி விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஐயர் அவர்களிடம் போய்த்தான் பொருள் கேட்டுத் தெளிந்தார். 1887இல் பதிப்பு வந்தது. இந்த நூலுக்கு மரபு அறுபடவே இல்லை. மற்றவர்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

மணிமேகலைக்கு அதுவும் இல்லை. ஏடு இருந்தது, படித்துச் சொல்ல வீடு இல்லை. அது பௌத்த நூல் என்பதையே கல்லூரியில் உடன் இருந்த ரங்காசாரியார் சொல்லித்தான் ஐயர் தெரிந்துகொண்டார். பௌத்தக் கலைச்சொற்களைப் பிற மொழி நூல்களின் வழியே கேட்டுக் கேட்டு 1898இல்தான் வெளியிட முடிந்தது. குண்டலகேசிக்கு ஏடும் இல்லை. புறத்திரட்டில் தொகுத்த சில பாட்டுகளும், எதிரியான நீலகேசியின் உரையில் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பகுதிகளும்தான் மிச்சம்.

ஆக நன்னூல் சைவர் கையில் பிழைத்தது. சிந்தாமணி சமணர் வீட்டில் பிழைத்தது. மணிமேகலை ஆளில்லா ஏடாகக் கிடந்தது. குண்டலகேசியின் துண்டுகளை எதிரி காப்பாற்றினான். நான்குக்கும் ஒரே விதி நேரவில்லை.

கல்தேடி

ஒன்று கேட்கிறேன் அக்கா. வீரசோழியம் பௌத்த இலக்கணம் அல்லவா? அதை ஏன் விட்டீர்கள்? அது சோழ நாட்டுக் கதை என்பதாலா?

நொய்யல் வாசகி

வீரராசேந்திரன் (1063-1070) பெயரால் புத்தமித்திரர் செய்தது. அதன் உரையில் அழிந்துபோன பௌத்தப் பாடல்கள் பல மேற்கோளாக நிற்கின்றன. கொங்கு பற்றிய கட்டுரை என்பதால் நான் தொடவில்லை. நீங்கள் கேட்டதும் தோன்றுகிறது: வடமொழி முறையைத் தழுவிய அந்த இலக்கணம் வந்து நூற்றைம்பது ஆண்டுக்குள் நன்னூல் வருகிறது. நன்னூல் அதைப் பின்பற்றவில்லை, தொல்காப்பியத்தை நோக்கித் திரும்புகிறது. பௌத்த இலக்கணத்துக்குச் சமண இலக்கணம் சொன்ன பதில் என்று இதைக் கொள்ளலாமா என்பது ஐயாவுக்கு.

தமிழாசிரியர் (ஓய்வு)

கொள்ள முடியாது அம்மணி. பவணந்தி எந்த இடத்திலும் வீரசோழியத்தை மறுக்கவில்லை. பதவியலில் வடமொழியாக்கத்துக்கு விதி சொல்லும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறார் என்றுகூடச் சொல்லலாம். இலக்கணத்தில் இருவருக்கும் சமயப் பகை தெரியவில்லை. காப்பியத்தில் அடித்துக்கொண்டவர்கள் இலக்கணத்தில் ஏன் அடித்துக்கொள்ளவில்லை என்பது தனியாகப் பார்க்க வேண்டியது.

பெருந்துறைச் சேரன்

திருத்திய பத்தி இதோ:

"கொங்கில் சமணம் புகலூர்க் கல்லில் கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டளவில் தென்படுகிறது. அதற்கும் பெருங்கதைக்கும் இடையே நூல் தொடர்ச்சி காட்டச் சான்றில்லை. பெருங்கதை கங்க நாட்டு உறவோடும், நன்னூல் கங்கச் சிற்றரசன் ஆதரவிலும் பிறந்தவை. பௌத்தம் இங்கே சிலைகளாக மட்டுமே எஞ்சியது. இவை அனைத்தையும் கொங்கின் பெருமையாகக் கோத்துக் காட்டியது கொங்குமண்டல சதகம்."

சீனாபுரத்தை நான் விடப்போவதில்லை. "கொங்கு வழக்கின்படி" என்று சேர்த்துக்கொள்கிறேன். தலைப்பில் "அறுபடாத மரபு" என்பது அட்டையிலேயே அச்சாகிவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

நொய்யல் வாசகி

பெருங்கதை வரியில் "கங்க நாட்டு உறவோடும்" என்ற இடத்தில் "எனக் கருதுவர்" என்று போடுங்கள். துர்விநீதன் தொடர்பு இன்னும் ஊகம்தான். சாமுண்டராயன் தங்கையின் கல்லும் பத்தாம் நூற்றாண்டுக்கு முன்னால் போகாது.

சேலத்து முதியவன்

மருமகளைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போகப்போகிறாளாம். கிடா மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.